அக்காவுக்கு இன்று ஐந்து வருடம்!

அனைவருக்கும் வணக்கம். மார்பகப் புற்றுநோய்க்கான கீமோ முடிந்து நம் மூன்றாம் மாடி அக்காவுக்கு இன்றோடு 5 வருடம். போன வாரம் எடுத்த மேமோகிராமும் நல்லபடியாக வந்துவிட்டது. ரிசல்ட் வரும்வரை அவருக்குத் தூக்கமே இல்லை, வருடா வருடம் அப்படித்தான். நேற்று இரவு கடைசி தமாக்சிஃபென் மாத்திரையைப் போட்டுவிட்டு, காலி அட்டையைப் படம் எடுத்து அனுப்பினார். பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மாலை 6 மணிக்கு மொட்டை மாடிக்கு வந்துவிடுங்கள், கேசரி தயார். அப்புறம் ஒன்று: இடது அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்திருப்பதால் கனம் தூக்கினால் அந்தக் கை வீங்கிவிடுகிறது. மோதிரம் இறுகும்போதுதான் அவருக்கே தெரிகிறது. அதனால் பரிசுப் பையை அவர் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்துவிடுங்கள். வளையல் வாங்கியவர்கள் வலது கையில் போட்டுவிடுங்கள்.

அக்கா, நீங்கள் நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும்!