தபாலில் போட்ட தேதியா, வந்து சேர்ந்த தேதியா: எது கணக்கு என்று பாரத்தில் எழுதக் கோரி மனு

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
கல்வி உதவிநிதி விண்ணப்பப் பிரிவு,
கோலாலம்பூர்.

அனுப்புநர்:
பிறை, புக்கிட் மெர்தாஜாம் வட்டாரப் பெற்றோர்கள் சார்பில், பினாங்கு.

ஐயா, வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறோம். உங்கள் விண்ணப்பப் பாரத்தின் முதல் பக்கத்தில் “31 ஜனவரிக்குள் அனுப்ப வேண்டும்” என்று இருக்கிறது. கடைசிப் பக்கத்தில், கையெழுத்துக்குக் கீழே பொடி எழுத்தில், “31 ஜனவரிக்குப் பிறகு பெறப்படும் பாரங்கள் ஏற்கப்படமாட்டா” என்று இருக்கிறது. 31ஆம் தேதி பிறையில் தபாலில் போட்டவர் முதல் பக்கத்தின்படி சரியாகச் செய்தவர், கடைசிப் பக்கத்தின்படி தாமதமானவர். இரண்டில் எது உங்கள் விதி என்பதை ஒரே வரியில் எழுதுங்கள் என்பதுதான் எங்கள் முதல் கோரிக்கை.

கோலாலம்பூரில் இருப்பவருக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. கடைசி நாள் மதியம் கூட எல்ஆர்டி பிடித்து வந்து முகப்பில் கொடுத்து, நகலில் ஒரு சாப் வாங்கிக்கொண்டு போய்விடலாம். சுமார் 350 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் எங்களுக்குத் தபாலை விட்டால் வழி இல்லை. அதனால் உங்கள் கெடு நடைமுறையில் அவர்களுக்கு 31ஆம் தேதி, எங்களுக்கு அதற்கு நாலைந்து நாள் முன்னதாக, பண்டிகை வந்தால் அதற்கும் முன்னதாக.

2025இல் நடந்த ஒன்றைச் சொல்கிறோம், நாள்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள். எங்கள் பகுதியில் உள்ள ஒரு தாய், தனியாகப் பிள்ளைகளை வளர்ப்பவர், ஜனவரி 27, திங்கட்கிழமை, தபால் நிலைய முகப்பில் பதிவுத் தபாலாகப் பாரத்தை அனுப்பினார். செவ்வாய் வேலை நாள். புதன், வியாழன் இரண்டும் சீனப் புத்தாண்டு விடுமுறை. வெள்ளிக்கிழமை, 31ஆம் தேதி, கடிதம் உங்கள் கட்டடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. தபால் கண்காணிப்புப் பதிவில் அன்றைய தேதியும், கீழ்த்தளத்தில் வாங்கியவரின் கையொப்பமும் இருக்கின்றன. அடுத்த நாள் சனி, கூட்டரசுப் பிரதேச தினம். அப்புறம் ஞாயிறு. திங்கள் அந்த உறை கீழ்த்தளத்திலிருந்து மேலே ஏறியது, செவ்வாய் பிப்ரவரி 4ஆம் தேதி உங்கள் பிரிவில் “பெறப்பட்டது” முத்திரை விழுந்தது. நிராகரிப்புக் கடிதத்தில் காட்டிய காரணம்: 4ஆம் தேதி வந்தது, கெடு முடிந்துவிட்டது.

ஐயா, இந்தத் தாய் எந்த விதிப்படி தாமதம்? போட்ட தேதி கணக்கு என்றால் நான்கு நாள் முன்பே கொடுத்துவிட்டார். வந்த தேதி கணக்கு என்றாலும் கடைசி நாளன்றே உங்கள் கட்டடத்துக்குள் பாரம் வந்துவிட்டது. முத்திரைக் கட்டையைக் கையில் வைத்திருக்கும் மேசைக்கு அது எப்போது போய்ச் சேர்ந்தது என்பது மட்டும்தான் தாமதம். லிப்ட்டில் உறை எவ்வளவு வேகமாக ஏறும் என்று விண்ணப்பதாரர் எப்படிக் கணிக்க முடியும்?

அதனால் “வந்து சேர்ந்த தேதி” என்பதே ஒரு தேதி இல்லை என்பதைக் கவனியுங்கள். தபால் பெட்டி எண்ணுக்கு எழுதினால் உறை அந்தப் பெட்டியில் விழுந்த நாள் ஒன்று, உங்கள் ஊழியர் போய் எடுத்து வந்த நாள் ஒன்று, கட்டடத்தின் தபால் அறை வாங்கிய நாள் ஒன்று, பிரிவில் முத்திரை குத்திய நாள் ஒன்று. பெறப்பட்ட தேதிதான் விதி என்று நீங்கள் முடிவு செய்தாலும், கட்டடத்துக்குள் முதலில் எந்தக் கை வாங்கியதோ அந்தக் கை வாங்கிய தேதியே கணக்கு என்று சேர்த்து எழுதினால்தான் அது நியாயமாக இருக்கும்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் ஆட்கள் சிலர் “தபாலில் போட்டாலே முடிந்தது, சட்டமே அப்படித்தான்” என்று சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து உறுதியாகச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதற்கு ஓர் அடி வேர் இருக்கிறது. இக்னேஷியஸ் எதிர் பெல் என்ற 1913ஆம் ஆண்டுத் தீர்ப்பு. நிலத்தை வாங்கிக்கொள்ளும் உரிமையை 1912 ஆகஸ்ட் 20க்குள் பயன்படுத்த வேண்டும் என்று ஒப்பந்தம். வாங்குபவர் ஆகஸ்ட் 16ஆம் தேதி கிள்ளானில் பதிவுத் தபாலில் சம்மதக் கடிதத்தைப் போட்டார். அது எதிராளியின் கைக்குப் போனது 25ஆம் தேதி. போட்ட நாளிலேயே உரிமை பயன்படுத்தப்பட்டுவிட்டது என்றது நீதிமன்றம். நம் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 4ஆம் பிரிவும் சம்மதக் கடிதத்தை அப்படித்தான் பார்க்கிறது. ஆனால் அது இரண்டு பேர் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் சம்மதம் தெரிவிப்பதற்கான விதி. உதவிநிதிக்கு விண்ணப்பிப்பது சம்மதக் கடிதம் இல்லை, வேண்டுகோள். எனவே அந்தத் தீர்ப்பைக் காட்டி உங்களோடு வாதாட நாங்கள் வரவில்லை. விதியை நீங்களே எழுதாவிட்டால், அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தால்தான் கொடுத்ததாகும் என்று எடுத்துக்கொள்ளவே வாய்ப்பு அதிகம், அது எங்களுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் இந்த மனு.

நீங்கள் எங்களுக்கு எழுதும்போது நிலைமை தலைகீழாக இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்தத் தாய்க்கு வந்த நிராகரிப்புக் கடிதத்தின் தேதி பிப்ரவரி 7. “கடிதத் தேதியிலிருந்து 14 நாட்களுக்குள் மேல்முறையீடு” என்று எழுதியிருந்தது. நடுவில் தைப்பூச விடுமுறை. கடிதம் வீட்டுக்கு வந்தது 14ஆம் தேதி. அவகாசத்தில் பாதி தபால் பையிலேயே போய்விட்டது, மீதிப் பாதியில் மேல்முறையீடு எழுதி, அதையும் தபாலில் அனுப்பி, 21ஆம் தேதிக்குள் உங்கள் மேசைக்கு வரவைக்க வேண்டும். பொருள்விளக்கச் சட்டத்தின் 12ஆம் பிரிவு கூட, சட்டப்படி தபாலில் சார்வு செய்யும் ஆவணம் வழக்கமான தபால் ஓட்டத்தில் எப்போது போய்ச் சேருமோ அப்போது சேர்ந்ததாகக் கொள்ளச் சொல்கிறதே தவிர, தட்டச்சு செய்த நாளில் சேர்ந்ததாக அல்ல. நீங்கள் அனுப்பும்போது எழுதிய தேதி, நாங்கள் அனுப்பும்போது முத்திரை குத்திய தேதி. இரண்டு பக்கமும் தபாலின் தாமதம் எங்கள் தலையில்தான்.

சரி, போட்ட தேதியை ஏற்றால் எதை வைத்து நிரூபிப்பது என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உறையில் இருக்கும் அஞ்சல் முத்திரையை மட்டும் நம்பச் சொல்லவில்லை, ஏனென்றால் அது பலவீனமான சாட்சி. சாலையோரச் சிவப்புப் பெட்டியில் அன்றைய கடைசி எடுப்புக்குப் பிறகு போட்ட கடிதத்துக்கு மறுநாள் அல்லது அதற்கும் பிறகுதான் முத்திரை விழும், அதுவும் போட்ட இடத்தில் இல்லை, பிரிக்கும் மையத்தில். பல சமயம் மை மங்கி தேதியே தெரியாது. சில நிறுவனங்கள் சொந்த இயந்திரத்தில் தபால் கட்டணத்தை அச்சடிக்கின்றன. அந்தத் தேதியை வைப்பது அனுப்புகிறவர்தான், அதை ஏற்கக் கூடாது என்று நாங்களே சொல்கிறோம். போஸ் லாஜு உறையில் பழைய மாதிரி வட்ட முத்திரையே இருக்காது, பட்டைக் குறிதான். ஆக நம்பத்தக்கது தபால் நிலைய முகப்பில் தரும் ரசீது. அதில் தேதி, கண்காணிப்பு எண் இரண்டும் இருக்கும், அந்த எண்ணை உங்கள் ஊழியரே சரிபார்க்கலாம். ஓர் உறை போனது என்பதைத்தான் ரசீது காட்டும், உள்ளே என்ன இருந்தது என்பதைக் காட்டாது. ஆனால் அதே எண்ணுள்ள உறையில் பாரம் உங்களிடம் வந்து சேர்ந்துவிட்ட பிறகு அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லையே.

எனவே நாங்கள் கேட்கும் விதி இப்படி இருக்கும்: பதிவுத் தபாலிலோ போஸ் லாஜுவிலோ அனுப்பும் பாரத்துக்கு, முகப்பு ரசீதின் தேதி கெடு நாளிலோ அதற்கு முன்போ இருந்தால் அது நேரத்தில் கொடுத்ததாகும், ஆனால் கெடு முடிந்து ஏழு வேலை நாட்களுக்குள் உங்கள் கட்டடத்துக்கு வந்துவிட வேண்டும். அதற்கு மேல் வந்தால் ஏற்க வேண்டாம், நீங்களும் பட்டியலை எப்போதாவது மூடத்தானே வேண்டும். சாதாரணத் தபால்தலை ஒட்டி அனுப்புகிறவருக்கு, தேதி தெளிவாகத் தெரிந்தால் அஞ்சல் முத்திரை, தெரியாவிட்டால் கட்டடத்துக்கு வந்த தேதி. கெடு நாள் கோலாலம்பூரிலோ அனுப்புகிறவரின் மாநிலத்திலோ விடுமுறையாக இருந்தால் அடுத்த வேலை நாள். எழுதப்பட்ட சட்டத்தில் வரும் கால அளவுகளுக்குப் பொருள்விளக்கச் சட்டத்தின் 54ஆம் பிரிவு இதே சலுகையைக் கொடுக்கிறது. உங்கள் பாரத்தின் கெடு அதற்குள் வராமல் இருக்கலாம், ஆனால் அதே முறையைப் பின்பற்ற உங்களுக்குத் தடை எதுவும் இல்லை.

இது புதுமையும் இல்லை. வருமான வரி வாரியம் தன் ஆண்டு அட்டவணைகளில், தபாலில் வரும் பாரங்களுக்குக் கெடு முடிந்து மூன்று வேலை நாள் அவகாசம், கையில் கொண்டுவந்து கொடுப்பதற்கு அவகாசம் இல்லை என்று பிரித்து எழுதியிருக்கிறது. எழுதி வைத்ததால் யாரும் சண்டை போடவில்லை.

எல்லா இடத்திலும் போட்ட தேதிதான் வேண்டும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. டெண்டர் பெட்டியை நண்பகல் 12 மணிக்கு மூடுகிறார்கள், அது சரி, போட்டியாளர்கள் மத்தியில் உறையைத் திறந்த பிறகு இன்னொன்று வரக் கூடாது. வெளிநாட்டு வாக்காளர்களின் தபால் வாக்கும் வாக்களிப்பு நாள் மாலை 5 மணிக்குள் வந்து சேர வேண்டும் என்பதால் 2018இல் முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் அடுத்தவர் வாக்குகளை விமானத்தில் சுமந்து வந்தார்கள். கடுமையான விதி, பலருக்கு வலித்தது, ஆனால் எது விதி என்பதில் குழப்பம் இல்லை. உங்கள் உதவிநிதியில் அப்படி ஒரு அவசரம் எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை. பாரங்களை மாதக்கணக்கில் பரிசீலிக்கிறீர்கள்.

உறையை மட்டும் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். பாரத்தைப் பிரித்ததும் உறையைக் குப்பையில் போட்டுவிட்டால், தேதிக்கான ஒரே சான்றும் அதோடு போய்விடுகிறது. பாரத்தின் பின்னால் ஒரு பின் அடித்து வைத்தால் போதும். மேல்முறையீட்டுக் கெடுவையும் கடிதத் தேதியிலிருந்து இல்லாமல், கடிதம் விண்ணப்பதாரருக்குக் கிடைத்த தேதியிலிருந்து எண்ணுங்கள்.

மேலே சொன்ன தாயின் விண்ணப்பத்தை, கட்டடத்தில் வாங்கிய 31 ஜனவரி 2025 என்ற தேதியின் அடிப்படையில் மறுபரிசீலனை செய்யும்படி கேட்டுக்கொள்கிறோம். முகப்பு ரசீதின் நகலையும் கண்காணிப்புப் பதிவின் அச்சையும் நிராகரிப்புக் கடிதத்தின் நகலையும் இணைத்திருக்கிறோம். இந்த மனுவையும் பதிவுத் தபாலில்தான் அனுப்புகிறோம், ரசீது எங்களிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
பிறை, புக்கிட் மெர்தாஜாம் வட்டாரப் பெற்றோர்கள்