இருபத்துநான்கும் அறுபதும் ஓரூர்ச் சரக்கல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பின் கேள்வி-பதில் பகுதியில், நாளுக்கு 24 மணியும் மணிக்கு 60 நிமிடமும் ஏன் என்று ஒரு மாணவி கேட்டிருந்தார். "பாபிலோனியர் அறுபது அறுபதாக எண்ணியதால்" என்று ஒரே வரியில் பதில் தந்திருந்தீர்கள். நிமிடத்துக்கு அந்தப் பதில் சரி, மணிக்குச் சரியில்லை. அறுபதில் எண்ணுகிறவர்கள் நாளைப் பிரித்தால் நம் பஞ்சாங்கத்தின் 60 நாழிகை மாதிரி வரும், 24 வராது. 24 எகிப்திலிருந்து வந்தது, 60 பாபிலோன் இருந்த மெசபொத்தேமியாவிலிருந்து. இரண்டையும் சேர்த்துத் தைத்தவர்கள் கிரேக்க வானியலாளர்கள். அந்தத் தையல் இன்றைக்கும் மதுரைத் தினசரி நாள்காட்டியில் தெரிகிறது என்பதால்தான் இந்தக் கடிதம்.

எகிப்தியர் முதலில் பிரித்தது இரவைத்தான். வானத்தில் 36 விண்மீன் குழுக்களைத் தேர்ந்து வைத்திருந்தார்கள். பத்து நாளைக்கு ஒரு குழு, விடியலுக்குச் சற்று முன் கீழ்வானில் புதிதாகத் தலைகாட்டும். 36 குழுக்களும் ஒரு சுற்று வர 360 நாள், மேலே ஐந்து நாள் தனி. ஓர் இரவில் இந்தக் குழுக்கள் ஒவ்வொன்றாக எழுவதைக் கொண்டு நேரம் சொன்னார்கள். முழு இரவையும் எடுத்தால் 36இல் பாதி, 18 குழுக்கள் எழ வேண்டும். ஆனால் அந்தி வெளிச்சமும் வைகறை வெளிச்சமும் இரு ஓரங்களையும் தின்றுவிடும். கோடையில் இரவே குறுகும். அட்டவணையில் நின்றது 12. ஏறத்தாழ கி.மு. 2100ஐச் சேர்ந்த சவப்பெட்டி மூடிகளின் உட்புறத்தில் இந்த அட்டவணையைப் பன்னிரண்டு வரிசைகளாக எழுதி வைத்திருக்கிறார்கள், இறந்தவருக்கும் நேரம் தெரிய வேண்டும் என்று. பிறகு பகலையும் அதே அளவுக்குப் பன்னிரண்டாக்கினார்கள். 12 + 12, மொத்தம் 24.

இங்கே பலர் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. அந்த மணிகள் சம அளவுள்ளவை அல்ல. உதயம் முதல் அஸ்தமனம் வரை எவ்வளவு நீளமோ, அதைப் பன்னிரண்டால் வகுத்ததே ஒரு பகல் மணி. எகிப்தின் தீப்ஸ் நகரம் ஏறத்தாழ 25.7 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. அங்கே ஜூன் மாதப் பகல் மணி நம் கடிகாரக் கணக்கில் ஏறத்தாழ 69 நிமிடம். டிசம்பரில் 53 நிமிடம். கர்னாக் கோயிலில் கிடைத்த மூன்றாம் அமென்ஹோத்தெப் மன்னர் காலத்து நீர்க்கடிகாரத்தின் உட்சுவரில் மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு அளவுக்கோடுகள் இருப்பது இதற்காகத்தான். அடியிலுள்ள துளை வழியே நீர் வடியும். அந்த மாதத்துக்கு உரிய கோட்டில் மட்டத்தைப் பார்த்து இரவு மணியைச் சொல்லலாம். பாத்திரம் நிறைந்திருக்கும்போது நீர் வேகமாகவும் வற்ற வற்ற மெதுவாகவும் வடியும் என்பதால், மேலே அகன்று கீழே ஒடுங்கும்படி செய்திருந்தார்கள். அப்படியும் பிழை முழுக்கத் தீரவில்லை. நம் நாழிகை வட்டில் இதற்கு நேர்மாறு. அடியில் துளையுள்ள கிண்ணத்தை நீரில் மிதக்கவிட்டால், நீர் உள்ளே ஏறி அது முழுகும் நேரம் ஒரு நாழிகை. பகலானாலும் இரவானாலும் தையானாலும் ஆனியானாலும் ஒரே கிண்ணம், ஒரே அளவு. ஆகவே நாழிகை சம அளவு. எகிப்திய மணி நீண்டு சுருங்கும் அளவு.

இனி அறுபது. விரல் கணுக்களைக் கட்டைவிரலால் தொட்டு எண்ணினால் ஒரு கையில் 12, அதை மறுகை விரல் ஐந்தால் பெருக்கினால் 60 என்று பள்ளிப் புத்தகம் முதல் வாட்ஸ்அப் வரை சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் களிமண் பலகைகளில் உள்ள எண் குறிகள் அப்படி வளரவில்லை. ஒன்றுக்கு ஒரு குறி, பத்துக்கு ஒரு குறி, அறுபதுக்கு, அறுநூறுக்கு, 3,600க்கு என்று பத்தும் ஆறும் மாறி மாறிப் பெருகுகின்றன. பன்னிரண்டுக்கென்று ஒரு படி அந்த ஏணியில் இல்லை. எனவே விரல் கணக்கை ஊகம் என்று சொல்லித்தான் எழுத வேண்டும்.

அறுபது நிலைத்ததற்குக் காரணம் வகுத்தல். கி.மு. 2000 அளவில் மெசபொத்தேமியக் கணக்கர்கள் இடமதிப்பு முறையிலேயே அறுபதில் எழுதினார்கள். மூன்றில் ஒன்று என்பது அவர்களுக்கு 20, நான்கில் ஒன்று 15, ஐந்தில் ஒன்று 12, எட்டில் ஒன்று 7 மற்றும் அறுபதில் 30. எல்லாம் மீதியில்லாமல் முடியும். நம் பழைய கீழ்வாய் இலக்கத்தில் முந்திரி 320இல் ஒன்று. அரை, கால், மா, காணி எல்லாம் அதற்குள் அழகாக அடங்கும், மூன்றில் ஒன்று மட்டும் அடங்காது. அறுபதிலும் அடங்காதது உண்டு. ஏழில் ஒன்றை எழுதப் போனால் 8, 34, 17, மறுபடியும் 8, 34, 17 என்று ஓடிக்கொண்டே இருக்கும்.

பாபிலோனியர் நாளை எப்படிப் பிரித்தார்கள்? பன்னிரண்டு பெரும் பங்காக்கி, ஒவ்வொன்றையும் முப்பதாக்கினார்கள். நாளுக்கு 360 சிறு பங்கு. ஒரு நாளில் 1,440 நிமிடம். 360ஆல் வகுத்தால் ஒரு பங்குக்கு 4 நிமிடம். வான்வட்டத்தை 360 பாகையாக்கியதும் இதே கணக்குத்தான்: வானம் ஒரு பாகை நகர 4 நிமிடம். இந்த நான்கு இன்னும் நம் கையில் இருக்கிறது. இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது, மதுரை 78.12 பாகையில் உள்ளது. வித்தியாசம் 4.38 பாகை. நான்கால் பெருக்கினால் பதினேழரை நிமிடம். மதுரையில் உச்சிவேளை சராசரியாகப் பகல் 12 மணி 17 அல்லது 18 நிமிடத்துக்கு வருவது இதனால்தான். ஒரு குச்சியை நேராக நட்டு, நிழல் சரியாக வடக்கு-தெற்குக் கோட்டில் விழும் நேரத்தைக் குறித்தால் தெரியும். ஆனால் ஒரு நாள் பார்த்துவிட்டு முடிவு கட்டக் கூடாது. சூரியனின் ஓட்டம் சீரானதல்ல என்பதால் நவம்பர் முதல் வாரத்தில் அது 12.01 அளவிலும், பிப்ரவரி நடுவில் 12.32 அளவிலும் விழும்.

எகிப்தின் 24ஐச் சமமாக்கியவர்கள் கிரேக்கர்கள். கிரகணம் எத்தனை மணிக்கு என்று கணக்கிடுபவருக்கு நீண்டு சுருங்கும் மணி ஒத்துவராது. பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளின் மணியையே ஆண்டு முழுவதுக்கும் கொண்டார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் டாலமி எழுதும்போது பின்னங்களையெல்லாம் பாபிலோனிய வழக்கில் அறுபதின் பங்காகவே எழுதினார். பாகையைத்தான் அவர் அறுபதாக்கினார். மணியையே நிமிடம், விநாடி என்று அறுபது அறுபதாகப் பகுத்துச் சந்திர மாதக் கணக்குக்குப் பயன்படுத்தியவர் பாரசீக அறிஞர் அல்பிரூனி, கி.பி. 1000ஐ ஒட்டி. சாதாரண மனிதருக்கு நிமிடம் எட்டியது 1656இல் ஹைகன்ஸ் ஊசல் கடிகாரம் செய்த பிறகு. அதற்கு முன் இருந்தவை நாளுக்குக் கால் மணி நேரம்கூடத் தவறும். அவற்றில் நிமிட முள் வைத்து என்ன பயன்? இரண்டு ஊர்ச் சரக்கு சேர்ந்ததற்கு அத்தாட்சியும் உண்டு. வானம் ஒரு மணியில் 15 பாகை சுழல்கிறது. ஆகவே கடிகாரத்தின் ஒரு நிமிடம், கோணக் கணக்கின் 15 கலைக்குச் சமம். இரண்டும் "அறுபதில் ஒன்று"தான், ஆனால் ஒன்று மணியின் பங்கு, மற்றது பாகையின் பங்கு. ஒரே கையில் பிறந்திருந்தால் இந்தப் பதினைந்து நடுவில் வந்திருக்காது.

நம் பஞ்சாங்கத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நாழிகை 60இன் வழி. ஓரை 24இன் வழி. வாரக் கிழமை வரிசையே ஓரையால் வந்தது. சனி, குரு, செவ்வாய், சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன் என்று மந்தகதியிலிருந்து வேககதிக்கு வரிசைப்படுத்தி, மணிக்கு ஒன்றாகக் கொடுங்கள். ஞாயிறு முதல் ஓரை சூரியன். ஏழு ஓரைக்கு ஒரு சுற்று. எட்டாவது, பதினைந்தாவது, இருபத்திரண்டாவது ஓரையும் சூரியன். 23 சுக்கிரன், 24 புதன், அடுத்த நாளின் முதல் ஓரை சந்திரன். எனவே திங்கள். இப்படியே போனால் செவ்வாய், புதன், வியாழன் வரும். இதே கிரகங்களை நாழிகைக்கு ஒன்றாகக் கொடுத்துப் பாருங்கள். 60ஐ ஏழால் வகுத்தால் மீதி நான்கு. ஞாயிற்றுக்கு அடுத்து சனி, பிறகு வெள்ளி என்று வாரம் பின்னோக்கி ஓடும். கிழமை முறை நாழிகைக் கணக்கிலிருந்து பிறக்கவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

இந்தக் கலப்பால் நடைமுறையில் நேரும் குழப்பம் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். பழைய பஞ்சாங்கத்தில் திதிக்கு நேரே 18-40 என்று இருந்தால், மாலை 6.40 என்று படிப்பவர்கள் இருக்கிறார்கள். அது உதயத்திலிருந்து 18 நாழிகை 40 விநாழிகை. நாழிகை 24 நிமிடம், விநாழிகை 24 விநாடி. 18 × 24 = 432 நிமிடம்; 40 × 24 = 960 விநாடி, அதாவது 16 நிமிடம். மொத்தம் 448 நிமிடம், 7 மணி 28 நிமிடம். அன்று உதயம் 6.10 என்றால் திதி முடிவது பிற்பகல் 1.38க்கு. விநாழிகையை நிமிடமென்று எடுத்தால் 24 நிமிடம் தள்ளிப்போகும்.

மற்றது இராகுகாலம். இது பகலை எட்டாகப் பிரித்த பங்கு. எகிப்திய மணியைப் போல நீண்டு சுருங்குவது. நாள்காட்டியில் திங்கள் காலை 7.30 முதல் 9 வரை என்று அச்சிடுவது, உதயம் சரியாக ஆறு, அஸ்தமனம் சரியாக ஆறு என்று கொண்டு போட்ட கணக்கு. ஜனவரி கடைசி வாரத்தில் மதுரையில் உதயம் 6.40, அஸ்தமனம் 6.20 அளவில். பகல் 700 நிமிடம்; எட்டில் ஒன்று எண்பத்தேழரை நிமிடம். திங்கட்கிழமைக்கு இரண்டாவது பங்கு என்பதால் அது காலை 8.07 அளவில் தொடங்கி 9.35 வரை வரும். அச்சிட்ட நேரத்தில் முதல் 37 நிமிடம் இராகுகாலமே இல்லை. 9 மணிக்குத் தாலி கட்டத் தொடங்குபவர் அதன் நடுவில் இருக்கிறார். நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். கணக்குப் பார்ப்பதென்று வந்துவிட்டால் அன்றைய உதயத்தைக் கொண்டுதான் பார்க்க வேண்டும். உங்கள் நாளிதழின் இராசிபலன் பக்கத்தில் உதய நேரத்தை மதுரைக்கென்று தனியாக அச்சிட்டால் வாசகர்களே போட்டுக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
பஞ்சாங்கக் கணிதம் பயிலும் வாசகர்,
திருப்பரங்குன்றம், மதுரை.