மளிகை மொத்த வியாபாரத்துக்கு அனுமான இலாப விகிதத்தைக் குறைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
மளிகை மொத்த வியாபாரி,
தருமபுரி.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
மத்திய நேரடி வரிகள் வாரியம்,
புது தில்லி.

பொருள்: விற்றுமுதலில் குறிப்பிட்ட விழுக்காட்டை இலாபமாகக் கொள்ளும் திட்டத்தில், குறைந்த இலாபத்தில் நடக்கும் மளிகை மொத்த வியாபாரத்துக்குத் தனி விகிதம் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தருமபுரியில் சர்க்கரை, சமையல் எண்ணெய், பருப்பு ஆகியவற்றை வாங்கிக் கிராமத்துக் கடைகளுக்கு மொத்தமாக விற்று வருகிறேன். எனது விற்றுமுதல் 85 லட்சமாக இருந்த 2023-24 நிதியாண்டில், வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவின்படி கணக்குத் தாக்கல் செய்யத் தொடங்கினேன். இலாப நட்டக் கணக்கு தேவையில்லை என்பதும் ஒரே படிவத்தில் வேலை முடிந்துவிடும் என்பதும் அப்போது பெரிய உதவியாக இருந்தன. அதற்கு இன்றும் நன்றியுடையவனாக இருக்கிறேன்.

அந்தப் பிரிவு ரொக்கமாக வரும் விற்பனையில் 8 விழுக்காட்டையும், வங்கி வழியாகவோ மின்னணு முறையிலோ வரும் விற்பனையில் 6 விழுக்காட்டையும் இலாபம் என்று வைத்துக்கொள்கிறது. என் கடையில் 15 கிலோ எண்ணெய் டின் ஒன்றை ஏறத்தாழ 2,000 ரூபாய்க்கு விற்றால் எனக்கு நிற்பது 45 ரூபாய். சட்டத்தின் கணக்கில் அதே டின்னுக்கு 160 ரூபாய் இலாபம். 2024 செப்டம்பரில் சமையல் எண்ணெய் இறக்குமதி வரி உயர்ந்து விலை ஏறியபோது, டின்னுக்கு எனக்கு நின்ற 45 ரூபாய் ஏறவில்லை, விற்றுமுதல் மட்டும் ஏறியது. விலைவாசி உயர்ந்தாலே வியாபாரியின் இலாபமும் உயர்ந்ததாகக் காட்டும் இந்த முறை, எடைக்கும் டின்னுக்கும் இவ்வளவு என்று ரூபாயில் இலாபம் வைத்து விற்கும் எங்களைப் போன்றோருக்குப் பொருந்தவில்லை.

2025-26 நிதியாண்டில் என் விற்றுமுதல் 1 கோடியே 80 லட்சம். இதில் 1 கோடியே 20 லட்சம் ரொக்கம். வத்தல்மலையிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் வரும் கடைக்காரர்கள் அன்றன்று கல்லாவில் சேர்ந்த நோட்டுகளைத்தான் கொண்டுவருகிறார்கள், அதை நான் மறுக்க இயலாது. ரொக்கத்துக்கு 9.60 லட்சம், மின்னணு வரவுக்கு 3.60 லட்சம் என என் வருமானம் 13.20 லட்சம் ஆகிறது. ஆனால் சரக்கின் அடக்க விலை போக நின்றது 8.10 லட்சம், அதிலிருந்து கடை வாடகை 96,000, உதவியாளர் சம்பளம் 1.68 லட்சம், இறக்குகூலி, வண்டி வாடகை, மின்கட்டணம் சேர்ந்து 96,000 ஆகியவற்றைக் கழித்தால் குடும்பத்துக்கு மிஞ்சியது 4.50 லட்சம். இந்த உண்மை வருமானத்துக்குப் புதிய வரிமுறையில் வரியே கிடையாது. அனுமான வருமானத்துக்கோ, 12 லட்சம் வரையிலான தள்ளுபடியைத் தாண்டிவிடுவதால், கூடுதல் தீர்வையுடன் 81,120 ரூபாய் வரி கட்ட வேண்டியுள்ளது.

விற்றுமுதல் முழுவதும் ரொக்கமாக இருந்தாலும் 1.50 கோடி வரை இந்தத் தள்ளுபடியே காப்பாற்றிவிடுகிறது என்பதை நான் மறைக்கவில்லை. அதற்கு மேல் 2 கோடி உச்சவரம்புக்குள், மிகக் குறைந்த இலாபத்தில் விற்பவர்களே சிக்கிக்கொள்கிறோம்.

உண்மை இலாபத்தையே காட்டலாமே என்றால், விற்றுமுதல் 1 கோடியைத் தாண்டி ரொக்கமும் 5 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதால் ஆடிட்டரின் தணிக்கை கட்டாயம். அதற்கு என்னிடம் கேட்கப்பட்ட கட்டணம் 25,000 ரூபாய். தணிக்கையின்றி விட்டால் விற்றுமுதலில் அரை விழுக்காடு, அதாவது 90,000 ரூபாய் அபராதம் விதிக்கப்படலாம். அத்துடன், திட்டத்தில் சேர்ந்தபின் ஐந்தாண்டுகளுக்குள் ஓர் ஆண்டு விலகினால், அடுத்த ஐந்தாண்டுகள் அதற்குள் திரும்ப முடியாது. ஒரு மோசமான ஆண்டுக்காக ஐந்தாண்டு வாசலை அடைத்துவிடுவது கடுமையான விதி.

எல்லா வியாபாரத்துக்கும் ஒரே விகிதம் என்பது தொடக்கத்திலிருந்தே இருந்ததும் அன்று. 44ஏஎஃப் பிரிவு நடைமுறையில் இருந்தவரை, 40 லட்சம் வரை விற்ற சில்லறை வியாபாரிகளுக்கு அனுமான இலாபம் 5 விழுக்காடாகவே இருந்தது. அந்தப் பிரிவு முடிவுக்கு வந்தபின்பே சில்லறை வியாபாரமும் 8 விழுக்காட்டுக்குள் வந்தது. சில்லறையைவிடக் குறைவாகவே மொத்த வியாபாரத்தில் இலாபம் நிற்கும் என்பது சந்தையில் எவரும் அறிந்தது.

ஆகவே, 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்தில் இதே ஏற்பாடு தொடரும் 58-ஆம் பிரிவில், மளிகைப் பொருள் மொத்த வியாபாரத்துக்கு 3 விழுக்காட்டைத் தனி விகிதமாகச் சேர்க்க நிதி அமைச்சகத்துக்குத் தாங்கள் பரிந்துரைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அது உடனே இயலாதெனில், சர்க்கரை, எண்ணெய் போன்றவற்றின் கொள்முதலும் விற்பனையும் ஏற்கெனவே ஜி.எஸ்.டி. கணக்கில் பதிவாகியிருக்கும் வியாபாரிகள், 2 கோடி வரை கட்டாயத் தணிக்கையின்றி உண்மை இலாபத்தைக் காட்டவும், அப்படிக் காட்டுவதால் ஐந்தாண்டுத் தடைக்கு ஆளாகாமல் இருக்கவும் வழிசெய்ய வேண்டுகிறேன். எனது மூன்றாண்டு கொள்முதல், விற்பனைப் பதிவேடுகளின் நகல்களை இத்துடன் இணைத்துள்ளேன். அழைத்தால் மூலப் பதிவேடுகளுடன் நேரில் வரச் சித்தமாயிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்,
தருமபுரி.