சத்தத்துக்கு ரைலண்ட்ஸ் வழக்கு எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் இதழின் சட்டத் தேர்வுப் பக்கத்தில் தீங்கியல் சட்டத்திலிருந்து 45 நிமிடக் கேள்வி ஒன்றும் அதற்கு மாதிரி விடையும் வந்திருந்தன. கேள்வி அருமை. கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் வீடு வைத்திருப்பவர் யாரும் அதைப் படித்ததும் 'இது நம்ம ஊர் கதை' என்று சொல்லிவிடுவார். விடைதான் சரியில்லை. என்னிடம் வரும் ஜூனியர்களில் இரண்டு பேர் அதை அப்படியே நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார்கள் என்பதால் இந்தக் கடிதம்.

இதழைத் தவறவிட்டவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். கிரானைட் அறுத்து பாலீஷ் போடும் ஆலை ஒன்று 15 ஆண்டுகளாக நடக்கிறது. அதன் சுவரை ஒட்டி ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் 4 ஆண்டுக்கு முன் வீடு கட்டிக் குடிவந்தார். 8 மாதமாக ஆலையில் இரவு ஷிப்டும் ஓடுகிறது. நள்ளிரவு 1 மணிக்கு அவர் படுக்கையறை ஜன்னலில் அளந்தபோது சத்தம் 62 டெசிபல். அதிர்வில் வீட்டுச் சுவர் விரிசல் விட்டிருக்கிறது. ஐப்பசியில் ஒரு நாள் பெய்த கனமழையில் ஆலையின் கழிவுச் சேற்றுத் தொட்டி உடைந்து, கல்மாவு கலந்த தண்ணீர் அவருடைய கிணற்றில் இறங்கிவிட்டது. ஆலை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை வைத்திருக்கிறது. ஆசிரியருக்கு என்ன பரிகாரம்?

உங்கள் மாதிரி விடை முதல் வரியிலேயே ரைலண்ட்ஸ் எதிர் ஃபிளெட்சர் வழக்கில் தொடங்கி, இரண்டு பக்கம் அதன் வரலாற்றைச் சொல்லி, 'ஆகவே சத்தத்துக்கும் ஆலை கடும் பொறுப்பு ஏற்க வேண்டும்' என்று முடிக்கிறது. சுவர் விரிசலைப் பற்றி ஒரு சொல் இல்லை. திருத்துபவர் முதல் பக்கத்திலேயே பேனாவை மூடிவிடுவார்.

இந்தக் கேள்வியில் முதல் 5 நிமிடம் எழுதவே கூடாது. நடந்த கேடுகளை மூன்றாகப் பிரித்து ஓரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். தூக்கம் கெடுவது ஒன்று, சுவர் விரிசல் ஒன்று, கிணற்றில் சேறு ஒன்று. மூன்றுக்கும் சட்டம் வேறு வேறு கதவைத் திறக்கிறது. முதல் இரண்டும் தனியார் தொல்லை. மூன்றாவதுதான் கடும் பொறுப்பு, அதாவது கவனக்குறைவு இல்லாவிட்டாலும் ஏற்க வேண்டிய பொறுப்பு. இந்தப் பிரிவினையைச் செய்துவிட்டால் பாதி விடை முடிந்த மாதிரி.

சத்தத்துக்கு வருவோம். இதற்கு 20 நிமிடம் தாராளமாகக் கொடுக்கலாம், ஏனென்றால் சண்டை இங்கேதான். பக்கத்து நிலத்தில் நடக்கும் ஒன்று என் வீட்டை நான் அனுபவிப்பதை நியாயமான அளவுக்கு மேல் கெடுத்தால் அது தனியார் தொல்லை. இந்த 'நியாயமான அளவு' இடத்துக்கு இடம் மாறும். தொழிற்சாலைப் பகுதியில் குடியிருப்பவர் கொஞ்சம் சத்தத்தைத் தாங்கத்தான் வேண்டும். ஆலை வக்கீல் இதைத்தான் முதலில் பிடிப்பார்: 'ஐயா, இது கல் அறுக்கிற ஊர்.' அதற்குப் பதில் ரஷ்மர் வழக்கில் இருக்கிறது. லண்டனில் அச்சகங்கள் நிறைந்த ஃப்ளீட் தெருப் பகுதி. அங்கே குடியிருந்த பால்காரர் ஒருவர், பக்கத்து அச்சகத்தில் புதிதாக வைத்த இயந்திரம் இரவில் ஓடுவதால் தூங்க முடியவில்லை என்று வழக்குப் போட்டார். ஏற்கெனவே சத்தமான இடம்தானே என்ற வாதம் எடுபடவில்லை. இருக்கிற சத்தத்தோடு சேரும் புதுச் சத்தம் கடுமையானதாக இருந்தால் அது தொல்லைதான் என்று 1907-ல் பிரபுக்கள் சபை உறுதிசெய்தது. நம் கேள்வியில் அந்தப் புதுச் சத்தம் எது? 15 வருட ஆலை அல்ல, 8 மாத இரவு ஷிப்ட். மாணவர் இந்த 8 மாதத்தை அடிக்கோடிட்டுக் காட்ட வேண்டும்.

இன்னொன்று. 'சத்தம் அதிகம்' என்று மட்டும் எழுதினால் மதிப்பெண் வராது. எந்த மாதிரிச் சத்தம், எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் என்று எழுத வேண்டும். கிரானைட் அறுக்கும் இடத்தில் நின்றவர்களுக்குத் தெரியும், பிளேடு கல்லுக்குள் இறங்கும்போது ஒரு கீச்சொலி ஏறும், வெளியே வந்ததும் அடங்கும், அப்புறம் மறுபடி ஏறும். காது பழகவே விடாத சத்தம் அது. 1961-ல் லண்டனில் ஹால்சி என்பவர் எஸ்ஸோ எண்ணெய்க் கிடங்கின் மேல் போட்ட வழக்கிலும் இரவு நேர பாய்லர் சத்தமும் டேங்கர் லாரிகளின் சத்தமும்தான் தொல்லையாக நிற்கின்றன. பகலில் பொறுத்துக்கொள்ளக்கூடியதும் இரவில் பொறுக்க முடியாததாகலாம் என்பதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

62 டெசிபலை என்ன செய்வது? 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45. அப்படிப் பார்த்தால் 17 அதிகம். ஆனால் அதே விதிகளில் தொழிற்சாலைப் பகுதிக்கு இரவு வரம்பு 70. இது தொழிற்சாலைப் பகுதி என்று ஆலை சொல்லிவிட்டால் 62 வரம்புக்குள் வந்துவிடும். உங்கள் மாதிரி விடை 45-ஐ மட்டும் சொல்லி வெற்றி முழக்கம் போடுகிறது. நல்ல விடை இரண்டு எண்ணையும் சொல்லும். சொல்லிவிட்டு, டெசிபல் வரம்பு சாட்சியம்தான், தொல்லையா இல்லையா என்பதை உரிமையியல் நீதிமன்றம் எல்லாச் சூழலையும் வைத்துத் தீர்மானிக்கும் என்று சேர்க்கும். வாரியத்தின் இசைவாணைக்கும் இதே பதில். அது வாரியம் ஆலைக்குக் கொடுத்த அனுமதி, பக்கத்து வீட்டுக்காரரின் உரிமையை அது பறித்துக்கொள்ளாது. திட்ட அனுமதி பற்றி இங்கிலாந்து உச்ச நீதிமன்றம் 2014-ல் கவென்ட்ரி எதிர் லாரன்ஸ் வழக்கில் ஏறக்குறைய இதையே சொன்னது.

'ஆலை இருக்கிறது என்று தெரிந்துதானே வந்து வீடு கட்டினீர்கள்?' இந்த வாதம் டீக்கடையில் செல்லும், நீதிமன்றத்தில் செல்லாது. 1879-ல் ஸ்டர்ஜஸ் எதிர் பிரிட்ஜ்மேன் வழக்கில் மிட்டாய்க்காரர் 20 வருடத்துக்கு மேலாக உரலில் இடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு மருத்துவர் தோட்டத்தின் கோடியில் நோயாளிகளைப் பார்க்க அறை கட்டிய பிறகுதான் அந்த இடி தொல்லையாக மாறியது. மருத்துவர் ஜெயித்தார். நீண்டகால அனுபவத்தால் உரிமை வந்துவிட்டது என்று ஆலை சொல்லவும் வழியில்லை. நம் வசதியுரிமைச் சட்டப்படி அதற்கு 20 ஆண்டு வேண்டும், அந்தக் கணக்கும் தொல்லை தொடங்கிய நாளிலிருந்துதான் ஓடும்.

சுவர் விரிசலுக்கு நான்கு வரி போதும், ஆனால் அந்த நான்கு வரி கட்டாயம் வேண்டும். 1865-ல் செயின்ட் ஹெலன்ஸ் செப்பு உருக்காலையின் புகையில் டிப்பிங் என்பவரின் மரங்கள் கருகின. சொத்துக்கே சேதம் என்றால் அது எந்தப் பகுதி என்ற கேள்வி எழாது என்றது தீர்ப்பு. ஆக, 'இது கல் அறுக்கிற ஊர்' என்ற வாதம் தூக்கத்துக்கு எதிராக ஓரளவு நிற்கும், விரிசலுக்கு எதிராக நிற்காது. விரிசல் அதிர்வால்தான் வந்தது என்று பொறியாளர் அறிக்கை மூலம் நிரூபிக்கும் சுமை மட்டும் வாதியின் தலையில்.

இப்போது கிணறு. ரைலண்ட்ஸ் வழக்குக்கு இங்கேதான் வேலை, 12 நிமிடம். 1868-ல் முடிந்த அந்த வழக்கில் ஆலைக்காரர் கட்டிய நீர்த்தேக்கத்திலிருந்து பழைய சுரங்கக் குழிகள் வழியாகத் தண்ணீர் இறங்கிப் பக்கத்துச் சுரங்கத்தை நிரப்பியது. வெளியேறினால் கேடு செய்யும் ஒன்றை, நிலத்தின் இயல்பான பயன்பாட்டுக்கு அப்பால், ஒருவர் கொண்டுவந்து தேக்கி வைத்து, அது தப்பிப் போனால், கவனமாக இருந்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது. சேற்றுத் தொட்டி இதில் கச்சிதமாகப் பொருந்துகிறது. சத்தம் பொருந்தாது. இயந்திரம் ஓடும்வரை இருந்து, நிறுத்தினால் நின்றுபோகும் சத்தத்தை யாரும் தேக்கி வைப்பதில்லை. தூக்கம் கெட்டதற்கான இழப்பு இந்த விதியின் கீழ் வராது, அதற்குத் தொல்லைதான் வழி.

கனமழை தெய்வச் செயல் என்று ஆலை சொல்லும். ஆண்டுதோறும் ஐப்பசியில் மழை வரும் ஊரில், யாரும் எதிர்பார்த்திருக்க முடியாத மழை என்று ஆலை காட்டியாக வேண்டும், அது கஷ்டம். இங்கே நம் பக்கத்து வழக்கு ஒன்றைச் சேர்த்தால் விடை தனித்துத் தெரியும். கார்வேட்டிநகரம் ஜமீனில் ஏரிகள் உடைந்து மதராஸ் ரயில்வேயின் பாலங்களை அடித்துக்கொண்டு போயின. 1874-ல் பிரிவி கவுன்சில் ஜமீன்தாரை ரைலண்ட்ஸ் விதியில் சிக்க வைக்க மறுத்தது. ஏரி இந்த மண்ணில் ஊர் பிழைக்கக் காலங்காலமாகக் காக்கப்படுவது என்பது காரணம். லாபத்துக்காக ஒருவர் கட்டிய சேற்றுத் தொட்டிக்கு அந்தச் சலுகை கிடைக்காது. இந்த வேறுபாட்டை எழுதும் மாணவரை நான் இதுவரை பார்க்கவில்லை.

உங்கள் விடை கடைசியில் எம்.சி. மேத்தா வழக்கையும் இழுத்து வருகிறது. டெல்லி ஓலியம் வாயுக் கசிவுக்குப் பிறகு 1986-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த முழுப் பொறுப்பு, தன்னியல்பிலேயே அபாயமான தொழிலுக்கானது. அதற்கு விதிவிலக்கே கிடையாது. கல் அறுக்கும் பட்டறையை அந்தப் பட்டியலில் சேர்க்க வலுவான காரணம் சொல்ல வேண்டும். சொல்ல முடியாதவர் ஒரு வரியில் குறிப்பிட்டுவிட்டு நகர்வது நல்லது.

மீதி 8 நிமிடம் பரிகாரத்துக்கு. மாதிரி விடை 'ஆலையை மூட உத்தரவிடலாம்' என்கிறது. அவ்வளவு பெரிதாகக் கேட்டால் நீதிமன்றம் தயங்கும். பகல் ஓட்டத்தை ஆசிரியரே பல வருடம் பொறுத்திருக்கிறார். குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் 38-ஆம் பிரிவில் இரவு 10 முதல் காலை 6 வரை அறுக்கும் இயந்திரங்களை ஓட்டக்கூடாது என்று நிரந்தர உறுத்துக் கட்டளை, வழக்கு முடியும்வரை உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 39-இல் இடைக்காலத் தடை, விரிசலுக்கும் கிணறு தூர்வாரவும் தனித்தனியாகத் தொகை. குடியிருப்புக்குக் கீழே ஓடிய மாவு மில்லுக்கு எதிராகவே அலகாபாத் உயர் நீதிமன்றம் 1978-ல் ராதேஷ்யாம் வழக்கில் உறுத்துக் கட்டளையை ஏற்றிருக்கிறது என்பதை ஒரு வரியில் சேர்க்கலாம்.

திருத்திய விடையை அடுத்த வாரம் அதே பக்கத்தில், அதே அளவில் போடுங்கள். கட்டம் கட்டி ஓரத்தில் 'திருத்தம்' என்று போட்டால் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் கண்ணில் படாது.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர்,
கிருஷ்ணகிரி