ஐந்தும் எழுதியவருக்கு ஐந்தையும் திருத்துங்கள்: தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். இளங்கலை கணிதத் தேர்வின் பகுதி இ பற்றித்தான் எழுதுகிறேன். அலகுக்கு ஒன்றாக ஐந்து வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்பெண், கணக்கில் வருவது மூன்று. ஐந்தையும் எழுதினால் அதிக மதிப்பெண் பெற்ற மூன்றை எடுத்துக்கொள்வோம் என்று உங்கள் அலுவலகத்தின் சுற்றறிக்கையே சொல்கிறது. அதை வகுப்பில் வாசித்துக் காட்டியவர்களில் நானும் ஒருவன்.

சென்ற பருவத்தில் என் மாணவி ஒருவர் மெய்ப் பகுப்பாய்வுத் தாளில் 16 முதல் 20 வரை ஐந்தையும் எழுதினார். பணம் கட்டி விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தோம். 16க்கு 4, 17க்கு 9, 18க்கு 3. அடுத்த இரண்டு விடைகளின் மேலும் மூலைக்கு மூலை சிவப்புக் கோடு, ஓரத்தில் 'மிகை' என்று ஒரு சொல். மதிப்பெண் எதுவும் இல்லை. 19இல் சீரான தொடர்ச்சித் தேற்றத்தின் நிரூபணம் ஒன்றரைப் பக்கம், ஒரு படிகூட விடுபடாமல் இருந்தது. நானும் சக ஆசிரியர் ஒருவரும் தனித்தனியாகத் திருத்தினோம். இருவருமே 19க்கு 8, 20க்கு 9 போட்டோம். சிறந்த மூன்றைக் கூட்டினால் 26 வரவேண்டும். அவருக்குக் கிடைத்தது 16.

சரி, மறுகூட்டலுக்கு விண்ணப்பிப்போம் என்று மறுபடியும் பணம் கட்டினார். 'மாற்றம் இல்லை' என்று பதில் வந்தது. வராமல் என்ன செய்யும்? போட்டிருந்த மூன்று எண்களின் கூட்டல் சரிதான். போடாத எண்ணை மறுகூட்டல் எப்படிக் கண்டுபிடிக்கும்?

எதற்காக ஐந்தும் எழுத வேண்டும், தெரிந்த மூன்றை மட்டும் எழுதினால் என்ன என்று திருத்தும் மையத்தில் கேட்கிறார்கள். அதற்குக் கணக்கிலேயே பதில் இருக்கிறது. நிரூபண வினா ஒன்று கைகூடினால் 9, பாதியில் நின்றால் 3 என்று வைத்துக்கொள்வோம். பகுதி இக்கு 75 நிமிடம் மிஞ்சுகிறது. மூன்று மட்டும் எழுதினால் ஒன்றுக்கு 25 நிமிடம். கைகூடும் வாய்ப்பு 0.7 என்றால் எதிர்பார்க்கும் மதிப்பெண் 21.6. ஐந்தும் எழுதினால் ஒன்றுக்கு 15 நிமிடம்தான், அவசரத்தில் வாய்ப்பு 0.5 ஆகக் குறையும். சராசரி 6, மூன்றால் பெருக்கினால் 18 என்று பலர் இங்கே தவறாகக் கணக்கிடுகிறார்கள். சறுக்கிய இரண்டு உதிர்ந்து சிறந்த மூன்று மட்டும் நிற்பதால் அது கிட்டத்தட்ட 22.7 ஆகிறது. எனவே ஐந்தும் எழுதுவதே மேல். அதே வாய்ப்பு 0.4க்கு இறங்கினால் 20.4தான் வரும், அப்போது மூன்றோடு நிறுத்துவது நல்லது. பாடம் முழுவதிலுமே பலவீனமான மாணவருக்கு ஐந்தும் சேர்ந்தே சறுக்கும் என்பதால் இந்த லாபம் இன்னும் குறையும். ஆக, ஒவ்வொருவரும் தன் வேகத்தை வைத்து முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது. மாதிரித் தேர்வுகளை வைத்து இந்த மாணவி அப்படித்தான் முடிவு செய்தார்.

நீங்கள் முதல் மூன்றை மட்டும் திருத்தினால் அந்த 22.7, 18 ஆகிவிடுகிறது. நேரத்தை ஐந்தாகப் பிரித்ததன் நஷ்டம் மட்டும் மாணவர் தலையில் விழுகிறது, அதற்கான பலன் பறிபோகிறது. விதியை நம்பாமல் மூன்று மட்டும் எழுதியவர் 21.6 எதிர்பார்க்கலாம். உங்கள் சுற்றறிக்கையை நம்பியவருக்கே தண்டனை என்பதை எப்படி ஏற்பது?

எழுதிய வரிசைப்படி எண்ணுவது தவறான முறை என்று நான் சொல்லவில்லை. குடிமைப்பணி முதன்மைத் தேர்வில் அப்படித்தான் எண்ணுகிறார்கள், ஆனால் அதை வினாத்தாளிலேயே அச்சிட்டு விடுகிறார்கள். சி.பி.எஸ்.இ. தேர்வில் கூடுதலாக எழுதிய விடைகளில் அதிக மதிப்பெண் பெற்றதை வைத்துக்கொள்ளச் சொல்லித் திருத்துபவருக்கு அறிவுரை தருகிறார்கள். நம் வினாத்தாளில் இருப்பதோ 'ஏதேனும் மூன்றனுக்கு விடையளி' என்ற ஒரு வரி மட்டும். மீதியைத் திருத்துபவர் தன் வழக்கப்படி முடிவு செய்கிறார். அவரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. விடைத்தாளுக்கு இவ்வளவு என்று கூலி, மாலைக்குள் கட்டு முடிய வேண்டும். கூடுதலாக இரண்டு நிரூபணம் படிக்க அவருக்கு யார் நேரம் கொடுத்தார்கள்? நகலுக்கும் மறுகூட்டலுக்கும் மாணவரிடம் வாங்கும் கட்டணத்தில் ஒரு பகுதியை அங்கே செலவிட்டிருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது.

கோபத்தில் வேறு பக்கம் போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இதுதான்: ஐந்தும் எழுதியிருந்தால் ஐந்தையும் திருத்தச் செய்யுங்கள். ஐந்து மதிப்பெண்ணையும் முகப்புத்தாளில் பதியவைத்து, சிறந்த மூன்றைக் கூட்டச் சொல்லுங்கள். மிகை என்று கோடு போட்ட விடைத்தாள்களை, புதிதாகக் கட்டணம் கேட்காமல், திரும்ப எடுத்துத் திருத்துங்கள். நவம்பர்த் தேர்வின் வினாத்தாள்கள் அச்சுக்குப் போகும் முன் இந்த விதியைப் பகுதி இயின் தலைப்பின் கீழ் ஒரு வரியாகச் சேர்த்துவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இணைவுக் கல்லூரி ஒன்றின் கணித ஆசிரியர்