பாஸ்புக்கை வாங்கிப் பாருங்கள் ஐயா: எங்கள் சிக்கன நாணயச் சங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் ஐயாவுக்கும் நிர்வாகக் குழுவில் இருக்கும் மற்ற எல்லோருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை பேரவைக் கூட்டத்தில் என்ன நடந்தது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மேடையில் இருந்தவர்கள் நீங்கள்தான். ஜூன் 30 தேதிவரை தவணை தவறியவர்கள் பட்டியலை மைக்கில் வாசித்தீர்கள். காசிமேட்டில் மீன் விற்கிற அந்த அக்காவின் பெயரும் அதில் வந்தது. அவர் எழுந்து சுருக்குப் பையிலிருந்து ரசீதை எடுத்துக் காட்டியதும், "பதிய விட்டுப்போயிருக்கும், சரி பண்ணிடலாம், உட்காருங்கம்மா" என்று சொல்லிவிட்டு, தீபாவளிக்கு உறுப்பினர்களுக்கு எவர்சில்வர் குடம் கொடுப்பதா தூக்கு கொடுப்பதா என்கிற பேச்சுக்குப் போய்விட்டீர்கள். குடம் பற்றிய விவாதம் நன்றாகவே நடந்தது, எல்லோரும் கலந்துகொண்டார்கள்.

நானும் இந்தச் சங்கத்தில் உறுப்பினர்தான். கூட்டுறவுத் தணிக்கையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதும் உங்களில் சிலருக்குத் தெரியும். அதனால் "விட்டுப்போயிருக்கும்" என்பதோடு என்னால் விட முடியவில்லை. மறுநாள் அந்த அக்காவோடு சங்க அலுவலகத்துக்குப் போய் அவர் கணக்கைக் கேட்டோம். கணக்கு எழுதுகிற தம்பி மறுக்காமல் எடுத்துக் காட்டினார், அதற்கு நன்றி.

அவர் வாங்கிய கடன் 40,000 ரூபாய். மாதம் 2,000 அசல், நிலுவைக்கு 12 சதவீத வட்டி, ஒவ்வொரு மாதமும் 10-ம் தேதிக்குள் கட்ட வேண்டும். மே மாதம் அசல் 28,000 நின்றது, அதனால் 5-ம் தேதி 2,280 கட்டியிருக்கிறார். ஜூன் 5-ம் தேதி 2,260. இரண்டுக்கும் ரசீது இருக்கிறது, பாஸ்புக்கிலும் அதே தேதிகளில் கையெழுத்தோடு வரவு இருக்கிறது. கடன் பேரேட்டில் என்ன இருக்கிறது? மே மாதப் பணம் ஜூன் 1-ல் வரவு. ஜூன் மாதப் பணம் ஜூலை 1-ல் வரவு. ரொக்கப் புத்தகத்திலும் அப்படியே. ஜூன் ரசீதின் எண் 412. ஆனால் ரொக்கப் புத்தகத்தில் ஜூன் 12-ம் தேதியிலேயே 419, 420 எண் ரசீதுகள் ஏறிவிட்டன. 412 மட்டும் இருபத்தாறு நாள் எங்கேயோ சுற்றிவிட்டு ஜூலையில் வந்து சேர்ந்திருக்கிறது.

மறதி என்றால் ஒரு மாதம் நடக்கும். அடுத்தடுத்த மாதம், அதுவும் மாதம் பிறந்த முதல் நாளில் ஞாபகம் வருகிற மறதியை நான் வேலை பார்த்த காலத்தில் வேறு சங்கங்களில் பார்த்திருக்கிறேன். அது எப்படி நடக்கும் என்று சொல்கிறேன், உங்களில் யாருக்காவது நிஜமாகவே தெரியாமல் இருக்கலாம். ஜூன் முதல் வாரத்தில் பன்னிரண்டு பேர் ஆளுக்கு இரண்டாயிரம் கட்டுகிறார்கள் என்று வையுங்கள். ரசீது கொடுத்தாகிவிட்டது. அந்த 24,000 ரொக்கப் புத்தகத்தில் ஏறாமல் யாரோ ஒருவர் கையில் தங்குகிறது. ஜூலை பிறந்ததும் வேறு ஆட்கள் கட்டுகிற பணத்தை எடுத்து ஜூன் ரசீதுகளை வரவு வைக்கிறார்கள். இப்போது ஜூலையில் கட்டியவர்கள் பணம் நிற்கும், அது ஆகஸ்டில் அடைபடும். யாருடைய பணமும் காணாமல் போகவில்லை, எல்லாம் ஒரு மாதம் தாமதமாக வருகிறது, அவ்வளவுதான். 24,000 மட்டும் நிரந்தரமாக வெளியே இருக்கும்.

நம் சங்கத்தில் இதுதான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. இப்படி நடந்தால் பேரேடு எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். ஆகவே என் கோரிக்கை ஒன்றே ஒன்று: எல்லா உறுப்பினர்களின் பாஸ்புக்கையும் வாங்கிக் கடன் பேரேட்டோடு ஒத்துப் பாருங்கள், தொகையை மட்டுமல்ல, தேதியையும்.

இதனால் அந்த அக்காவுக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். 10-ம் தேதிக்குப் பிறகு வரவானதால் அபராத வட்டி போட்டிருக்கிறீர்கள், 2,000 ரூபாய்க்கு 2 சதவீதம், 21 நாள். மூன்று ரூபாய்கூட இல்லை. ஆனால் ஜூன் 20-ம் தேதி மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக அவர் அவசரக் கடன் கேட்டு விண்ணப்பித்திருக்கிறார். "ஒரு தவணை பாக்கி நிக்குது, கட்டிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கட்டிய பணத்தைத் திரும்பவும் கட்டச் சொல்கிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. போன மாதம் கட்டாமல் விட்டோமோ என்று அவரே அவர்மேல் சந்தேகப்பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். அப்புறம் தண்டல். பத்தாயிரத்துக்குக் கையில் கிடைத்தது 8,500, தினமும் நூறு ரூபாய் வீதம் நூறு நாள். விடியற்காலையில் ஏலத்தில் மீன் எடுத்துவந்து விற்று முடிப்பதற்குள் தண்டல்காரர் கூடைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறார். இந்தத் தண்டலிலிருந்து தப்பிக்கத்தானே ஐயா இந்த மாதிரி சங்கங்களை நம் பெரியவர்கள் ஆரம்பித்தார்கள்? சங்கம் கடன் கொடுக்கவில்லை என்றால்கூடப் பரவாயில்லை, சங்கமே ஆளைத் தண்டலுக்கு அனுப்பி வைக்கிறது. அதற்குப் பிறகு மைக்கில் பெயரையும் வாசிக்கிறது.

கூட்டத்தில் குழு உறுப்பினர் ஒருவர், "தணிக்கை முடிஞ்சுது, மார்ச் 31 அன்னிக்கு ரொக்கம் பைசா சுத்தமா இருந்தது" என்றார். இருந்திருக்கும். எந்தத் தேதிக்கு எண்ணப் போகிறார்கள் என்று ஊருக்கே தெரிந்தால் அன்றைக்கு ரொக்கம் சரியாகத்தான் இருக்கும். மேலே சொன்ன மாதிரி 24,000 வெளியே நிற்கிற சங்கங்களில் மார்ச் கடைசியில் என்ன செய்வார்கள் தெரியுமா? 27-ம் தேதி வாக்கில் யாராவது ஓர் உறுப்பினர் பெயரில் அதே 24,000-க்கு ஒரு கடன் போடுவார்கள். அந்தப் பணத்தில் பழைய ரசீதுகள் எல்லாம் வரவாகிவிடும், 31-ம் தேதி பேரேடு பளிச்சென்று இருக்கும். ஏப்ரல் 3-ம் தேதி புது வசூலை எடுத்து அந்தக் கடனை அடைத்துவிடுவார்கள். ஏழு நாளுக்கு இருபத்து நாலாயிரம் கடன் வாங்கி ஐம்பத்தைந்து ரூபாய் வட்டியோடு திருப்பிக் கட்டுகிற உறுப்பினர் யார், எதற்காக வாங்கினார் என்று ஏப்ரல் முதல் வாரப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறவர்கள் குறைவு. பெட்டியில் ரூபாய்க்குப் பதில் "இன்னார் 3,000" என்று எழுதிய துண்டுச் சீட்டை வைத்து இருப்பில் சேர்த்துக் கூட்டுவதும் உண்டு. சீட்டு ரொக்கம் ஆகாது, கையொப்பம் போட்ட சீட்டாக இருந்தாலும் ஆகாது.

பழைய பாக்கியைப் புதுக் கடனில் மறைப்பது இதற்கு அண்ணன். நான் ஒரு சங்கத்தில் பார்த்தது: மார்ச் 31 காலையில் கையிருப்பு 6,200. அன்றைக்கு முதல் பதிவே ஓர் உறுப்பினருக்கு 50,000 ரொக்கமாகக் கடன் பட்டுவாடா. அடுத்த பதிவு, அதே ஆள் பழைய பாக்கி 38,000-ஐ வட்டியோடு ரொக்கமாகக் கட்டினார் என்று வரவு. ஆறாயிரத்து இருநூறு இருக்கிற பெட்டியிலிருந்து ஐம்பதாயிரத்தை எடுத்துக் கொடுத்த மகராசன் யார் என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. புத்தகத்தில் மட்டும் நடந்த வரவு செலவை ரொக்கம் போல எழுதினால் பாக்கிப் பட்டியலில் ஒரு பெயர் குறையும், ஆள் ஒரு ரூபாயும் கட்டியிருக்க மாட்டார். அப்படிப்பட்டவர்கள் பெயர் மைக்கில் வராது, ஒழுங்காகக் கட்டிய மீன்கார அக்கா பெயர்தான் வரும்.

எல்லாத் தாமதமும் திருட்டு இல்லை என்பதும் எனக்குத் தெரியும். நம்மிடம் இருப்பது ஒரே ஓர் எழுத்தர். லோடு ஏற்றி இறக்குகிறவர்களும் மார்க்கெட் ஆட்களும் சாயங்காலம்தான் வருவார்கள், அதற்குள் வங்கி மூடிவிடும். மறுநாள் வங்கியில் கட்டினால் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. ஆனால் ரசீது போட்ட அன்றைக்கே ரொக்கப் புத்தகத்தில் ஏற்றுவதற்கு வங்கி எதற்கு? ரசீது போடுவது, பணத்தை வைத்துக்கொள்வது, ரொக்கப் புத்தகம், பேரேடு, பாஸ்புக் எழுதுவது எல்லாம் ஒருவரே செய்தால், தவறு நடந்தாலும் கண்டுபிடிக்க வேண்டியவரும் அவரேதான். அதற்காகத்தான் குழு உறுப்பினர் ஒருவர் தினமும் இருப்பை எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று வைத்திருக்கிறது. ஜூன் மாதப் பக்கங்களில் கையெழுத்து இருக்கிறது, முப்பது நாளுக்கும் ஒரே பச்சை மை, ஒரே சாய்வு. ஒரே உட்காரலில் போட்டதாகத் தெரிகிறது. கை வலித்திருக்கும், பாவம்.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். பாஸ்புக்குகளை வாங்கி ஒத்துப் பாருங்கள். எழுத்தரை வைத்துச் செய்யாதீர்கள், குழுவில் இருவரும் வெளியே உறுப்பினர்களில் இருவரும் உட்காரட்டும், கூப்பிட்டால் நானும் வருகிறேன். ரசீது அடிக்கட்டையின் தேதி, ரொக்கப் புத்தகத் தேதி, வங்கிச் செலானின் தேதி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் போதும், ஆறு மாதக் கணக்கே நிலைமையைச் சொல்லிவிடும். பிறகு ஒவ்வொருவரின் கடன் நிலுவையையும் கூட்டி, அது பொதுப் பேரேட்டில் உள்ள மொத்தக் கடனோடு சேருகிறதா என்று பாருங்கள். கொண்டுவரப்படுகிற பாஸ்புக்குகள் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். வராத பாஸ்புக்குகள்தான் முக்கியம். "பத்திரமாக இருக்கட்டும்" என்று அலுவலக பீரோவிலேயே வைத்திருக்கும் புத்தகங்களை அந்தந்த ஆளைக் கூப்பிட்டு அவர் கையில் கொடுத்துக் கேளுங்கள். பாஸ்புக்கே வராத கடன்களுக்கு, பத்திரத்தில் இருக்கிற விலாசத்துக்கு நேரில் போய், கடன் வாங்கியவரையும் ஜாமீன் போட்டவரையும் பாருங்கள். தன் பெயரில் கடன் இருப்பதே தெரியாத ஆள் ஒருவராவது கிடைத்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

இதை நீங்களே செய்தால் சங்கத்துக்கு மரியாதை. செய்யவில்லை என்றால் 1983-ம் வருடக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தில் 81-ம் பிரிவில் விசாரணைக்கு வழி இருக்கிறது, நஷ்டத்துக்குக் காரணமானவர்களிடமிருந்தே அதை வசூலிக்க 87-ம் பிரிவு இருக்கிறது. பார்க்காமல் கையெழுத்துப் போட்டவர்களிடமும் அப்போது விளக்கம் கேட்பார்கள். மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை, பச்சை மைக்காரர் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான்.

அந்த அக்காவின் ஜூன் தவணையை ரசீது தேதிக்கே வரவு வைத்து, அபராத வட்டியை நீக்கி, அவர் பெயரை வாசித்தது தவறு என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுங்கள். அவசரக் கடன் விண்ணப்பத்தையும் இந்த வாரக் குழுக் கூட்டத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள், தண்டல் இன்னும் எண்பது நாளுக்கு மேல் பாக்கி இருக்கிறது. பாஸ்புக் சரிபார்ப்பு எந்தத் தேதியில் தொடங்கும் என்பதையும் அதே பலகையில் தெரிவிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையிலிருந்து உங்கள் சங்க உறுப்பினர் ஒருவர்