பிளாட்ஃபார்ம் குழுவுக்கு: நோடு சும்மா இருக்கிறது, கண்டெய்னர் காத்துக் கிடக்கிறது

பிளாட்ஃபார்ம் குழு நண்பர்களுக்கு,

வணக்கம். பில்லிங் சேவை இழுக்கிறது என்று நாங்கள் போட்ட டிக்கெட்டை இந்த வாரம் மறுபடியும் மூடிவிட்டீர்கள். "நோடு சிபியு 20 சதவீதத்துக்கும் கீழே. எங்கள் பக்கம் பிரச்சினை இல்லை" என்று ஒரு வரி, கூடவே ஒரு கிராஃப். கிராஃபில் தவறு எதுவும் இல்லை. ஆனால் நாங்கள் கேட்டதற்கு அதில் பதில் இல்லை.

செலவைக் குறைக்கிறோம் என்று எல்லா நேம்ஸ்பேஸிலும் `LimitRange` வைத்து 500m சிபியு லிமிட் போட்ட கதை உங்களுக்கே தெரியும். அதன் பிறகு கடைகளில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் பில்லிங்கைப் பயன்படுத்துவது மருந்துக்கடைகள். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் கிளினிக்குகளில் டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிற கூட்டம் மொத்தமாகக் கடைக்கு வரும். கவுண்டரில் இருக்கிற பெண் 'பில்' பொத்தானை அழுத்துகிறார். திரை சுற்றிக்கொண்டே இருக்கிறது. மூன்று வினாடி தாண்டியதும் டைம்அவுட். எதிரே குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் நிற்கிறார். கவுண்டர் பெண் வேறு என்ன செய்வார், மறுபடி அழுத்துகிறார். முதல் பில்லும் உள்ளே முடிந்திருக்கும், இரண்டாவதும் விழுந்துவிடும். ஸ்டாக் இரண்டு முறை கழிகிறது. ஃப்ரிட்ஜில் இன்சுலின் இருக்க, கணினியில் இல்லை என்று காட்டுகிறது. கடை மூடுகிற நேரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பில்லாகச் சரிபார்ப்பவரும், கல்லா ஒத்துவராவிட்டால் முதலாளிக்குப் பதில் சொல்பவரும் அதே பெண்தான். இரண்டாவது பில்லைத் தடுக்க எங்கள் கோடில் ஒரு சோதனை வேண்டும், அதை எழுதிக்கொண்டிருக்கிறோம். ஆனால் அந்த மூன்று வினாடி எங்கிருந்து வருகிறது என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

500m என்றால் கெர்னலுக்கு அரை கோர் என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு 100 மில்லிவினாடிக்கும் 50 மில்லிவினாடி சிபியு நேரம் என்று அர்த்தம். கண்டெய்னரில் உள்ள எல்லாத் த்ரெட்டும் சேர்ந்து அந்த ஐம்பதைத் தீர்த்துவிட்டால், அடுத்த 100 தொடங்கும்வரை கெர்னல் அதை நிறுத்தி வைக்கும். பக்கத்தில் கோர்கள் காலியாக இருந்தாலும் தராது.

எங்கள் பில் ஒன்றுக்கு வரி, தள்ளுபடி, பிடிஎஃப் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 180 மில்லிவினாடி சிபியு ஆகிறது. வேலை எட்டுத் த்ரெட்டாகப் பிரிந்து ஓடுகிறது. 16 கோர் உள்ள அந்த நோடில் தடையில்லாமல் விட்டால் 23 மில்லிவினாடியில் முடிந்துவிடும். லிமிட் இருக்கும்போது எட்டுத் த்ரெட்டும் சேர்ந்து ஐம்பதை ஆறே மில்லிவினாடியில் தின்றுவிடுகின்றன. மீதி 94-இல் சும்மா நிற்கின்றன. இப்படி மூன்று சுற்று போய், நான்காவது சுற்றில்தான் பில் முடிகிறது. 23 எங்கே, 304 எங்கே! பத்துப் பில் ஒரே பாடில் சேர்ந்து வந்தால் 1,800 மில்லிவினாடி சிபியு வேண்டும், அதற்கு 36 சுற்று. மூன்றரை வினாடி ஆகிவிடும், டைம்அவுட் அங்கேதான்.

சரி, இது ஏன் உங்கள் கிராஃபில் தெரியவில்லை? கூட்டமில்லாத நேரத்தில் இரண்டு வினாடிக்கு ஒரு பில் வருகிறது என்று வையுங்கள். சராசரியாக 0.09 கோர். எங்கள் லிமிட்டிலேயே அது 18 சதவீதம்தான், 16 கோரில் தேடினாலும் தெரியாது. ஆனால் அந்த நேரத்திலும் ஒவ்வொரு பில்லும் மூன்று முறை நின்று நின்றுதான் போகிறது. ஐந்து நிமிடச் சராசரியில் 100 மில்லிவினாடிக்குள் நடக்கிற நிறுத்தம் கரைந்துபோகும். நிறுத்தங்களை கெர்னல் தனியாக எண்ணி வைத்திருக்கிறது. இது எங்கள் கண்டெய்னருக்குள் எடுத்தது:

```
$ grep -E 'nr_periods|nr_throttled' /sys/fs/cgroup/cpu.stat
nr_periods 41200
nr_throttled 29870
```

வேலை இருந்த நூறு சுற்றில் எழுபத்திரண்டில் நிறுத்தப்பட்டிருக்கிறோம். இதே எண்ணிக்கை உங்கள் ப்ரோமிதியஸுக்கும் வந்துகொண்டுதான் இருக்கிறது, டாஷ்போர்டில்தான் இல்லை:

```
rate(container_cpu_cfs_throttled_periods_total[5m])
  / rate(container_cpu_cfs_periods_total[5m])
```

பாட் எண்ணிக்கையைக் கூட்டச் சொன்னீர்கள், கூட்டினோம். கூட்டம் பிரிந்தது, ஆனால் ஒரு பில் ஒரு பாடுக்குள்தானே ஓடுகிறது, அதற்கு அதே 304. ஆட்டோஸ்கேலரும் சராசரியைப் பார்த்து அசையாமல் இருக்கிறது. அப்புறம் `GOMAXPROCS`-ஐ 1 ஆக்கச் சொன்னீர்கள். அதையும் செய்தோம். ஒற்றைத் த்ரெட் 50 ஓடி 50 நிற்கிறது, பில்லுக்கு 330 ஆகிறது. கோட்டா அதேதான் என்னும்போது த்ரெட்டைக் குறைத்து என்ன பயன்? கெர்னல் 5.4-இல் இது சரிசெய்யப்பட்டுவிட்டது என்று ஒருவர் எழுதியிருந்தார். கோட்டா மீதமிருக்கும்போதே நிறுத்திய பிழை அது, சரிசெய்யப்பட்டது உண்மைதான். எங்களுடையது கோட்டா நிஜமாகவே தீர்ந்து நிற்பது. அதற்குப் புது கெர்னல் எதுவும் செய்யாது.

எனவே கேட்கிறோம்: ப்ரொடக்‌ஷன் நேம்ஸ்பேஸ்களில் `LimitRange` போடுகிற இயல்பு சிபியு லிமிட்டை எடுத்துவிடுங்கள். `ResourceQuota`-வில் `limits.cpu` இருந்தால் அதையும் சேர்த்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் லிமிட் இல்லாத பாட் உள்ளேயே வராது. மெமரி லிமிட் இருக்கட்டும். மெமரி தீர்ந்தால் நோடே தடுமாறும், அங்கே லிமிட் அவசியம். சிபியு தீர்ந்தால் எல்லோரும் கொஞ்சம் மெதுவாவார்கள், அவ்வளவுதான்.

ஒரு சேவை மற்றவர்களின் சிபியுவைத் தின்றுவிடும் என்ற உங்கள் பயம் புரிகிறது. அதற்குத்தான் ரிக்வெஸ்ட் இருக்கிறது. நோடு நிரம்பும்போது `requests.cpu` விகிதப்படி கெர்னல் பங்கு பிரிக்கும். அவரவர் கேட்டது அவரவருக்குக் கிடைக்கும், யாருக்கும் தேவைப்படாதது மட்டும் வேண்டியவருக்குப் போகும். இதற்கு எல்லோரும் ரிக்வெஸ்டை நேர்மையாக எழுத வேண்டும். அதை எங்கள் சேவைகளில் சரிபார்த்துத் தருகிறோம். இரவு ரிப்போர்ட் ஜாப் மாதிரியானவற்றுக்கு லிமிட் வைத்துக்கொள்ளுங்கள், அவை கொஞ்சம் தாமதமானால் யாரும் கவுண்டரில் நிற்கப் போவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லிமிட்டைக் குறைத்ததற்கு மேலிடத்தில் பாராட்டுக் கிடைத்தது. குறைந்தது எது? நோடுகளின் எண்ணிக்கை ரிக்வெஸ்டை வைத்துத்தான் முடிவாகிறது. லிமிட்டைக் குறைத்ததால் ஒரு நோடுகூடக் கழியவில்லை. காசு கொடுத்து வாங்கிய கோர்கள் சும்மா இருக்க, அவற்றைத் தொடவிடாமல் எங்களை நிறுத்தி வைக்கிறோம். இதைச் சிக்கனம் என்று எழுதுகிற அறிக்கையைப் படிக்கும்போது கோபம் வருகிறது. ஒவ்வொரு முறையும் "அப்ளிகேஷனைப் பாருங்கள்" என்று திருப்பி அனுப்பும்போது, இரவு பேஜரை வைத்துக்கொண்டு லாகைத் தோண்டுகிற எங்கள் பிள்ளைகள் தங்கள் கோடையே சந்தேகப்பட்டு நாள் நாளாகத் தேடியிருக்கிறார்கள்.

கோபத்தில் அதிகமாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் வேலைச் சுமை அதிகம் என்று தெரியும். எல்லா நேம்ஸ்பேஸிலும் ஒரே நாளில் செய்யத் தயக்கமாக இருந்தால், பில்லிங் ஒன்றில் மட்டும் ஒரு வாரத்துக்குச் சிபியு லிமிட்டை எடுத்துவிடுங்கள். முன்னும் பின்னும் `nr_throttled`, பில் நேரம், நோடு சிபியு மூன்றையும் ஒரே பக்கத்தில் வைத்து நாங்களே அனுப்புகிறோம். பக்கத்துச் சேவை எதற்காவது பாதிப்பு தெரிந்தால் அன்றே திருப்பிப் போட்டுவிடலாம். அந்த த்ராட்டிலிங் கிராஃபை மட்டும் தயவுசெய்து இன்றே டாஷ்போர்டில் சேருங்கள். டிக்கெட்டைத் திரும்பத் திறந்திருக்கிறேன், மாற்ற வேண்டிய மேனிஃபெஸ்ட் அதில் இணைப்பாக இருக்கிறது.

இப்படிக்கு,
பில்லிங் சேவைக் குழுவிலிருந்து